ரூப்ரிக்கில் எதை எழுதுவது: இல்லாததையா, இருப்பதையா?

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் களப்பயணம் போக ஆத்தங்குடி வசதியான ஊர். தூரம் அதிகமில்லை. கண் முன்னாலேயே ஒரு தரைக்கல் உருவாவதைப் பார்த்துவிடலாம். திரும்பி வந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "பட்டறையில் பார்த்த செய்முறையை அறிக்கையாக எழுதுங்கள்" என்று சொல்லிவிடலாம். அதுவரை சிக்கல் எதுவும் இல்லை. நாற்பது அறிக்கைகள் மேசைக்கு வந்து, இரண்டு ஆசிரியர்கள் பங்கு போட்டுத் திருத்த உட்காரும்போதுதான் ரூப்ரிக்கின் வாசகங்கள் எப்படி இருக்கின்றன என்பது தெரியவரும்.

ரூப்ரிக் என்பது ஓர் அட்டவணை. எதையெல்லாம் மதிப்பிடுகிறோமோ அந்தக் கூறுகள் வரிசைகளாக நிற்கும். தரத்தின் நிலைகள் பத்திகளாக நிற்கும். கட்டத்துக்குள் இருப்பது அந்த நிலையின் விளக்கம். கூறுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் கட்டத்துக்குள் போகும் வாசகத்தை அவசரத்தில் நிரப்பிவிடுகிறோம். அந்த வாசகத்தை எழுத வழக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆத்தங்குடி அறிக்கையில் "செய்முறையைப் பதிவு செய்தல்" என்ற ஒரே கூறை எடுத்து மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் பிள்ளைகள் என்ன பார்த்திருப்பார்கள் என்று சொல்லிவிட வேண்டும். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் பூ வேலைப்பாட்டுக்கான உலோக அச்சு. அச்சின் அறைகளில் கலர் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் ஈரக் கலரின் மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவுகிறார்கள். அது கலரில் மிகுதியாக இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் காரையை இட்டு மட்டம் செய்கிறார்கள். கல் உலர்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், பிறகு மறுபடியும் காயும். சூளை கிடையாது, இந்தக் கல்லைச் சுடுவதே இல்லை. மேல்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது.

முதல் வழி நமக்குக் கை பழகிய வழி. நிலை 4-ஐ நிறைவாக எழுதிவிட்டு, கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழிப்பது.

நிலை 4: எல்லாப் படிகளும் வரிசையாகவும் காரணத்தோடும் உள்ளன.
நிலை 3: சில படிகளுக்குக் காரணம் இல்லை.
நிலை 2: காரணம் இல்லை, வரிசை தெளிவாக இல்லை.
நிலை 1: வரிசையும் இல்லை, காரணமும் இல்லை, விவரம் போதாது.

இதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடலாம். "ஏன் சார் மார்க் குறைஞ்சுது?" என்று பெற்றோர் கேட்டால் பதில் கட்டத்திலேயே தயாராக இருக்கும். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், நான்கு கட்டங்கள் இருந்தாலும் விளக்கம் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றும் அதே விளக்கத்தின் கழித்தல்கள். நிலை 1-இல் உள்ள அறிக்கை எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டத்தைப் படித்து யாரும் கற்பனை செய்ய முடியாது. வெறும் பொருள்களின் பட்டியலாக இருக்கலாம். பஸ்ஸில் போன கதையாக இருக்கலாம். இணையத்தில் கிடைத்த ஊர் வரலாறாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் அந்த வாசகம் பொருந்துகிறது.

பிள்ளைக்கு அது எதையும் சொல்வதுமில்லை. கண்ணாடி, அச்சு, கலர்ப் பொடி என்று பார்த்ததையெல்லாம் சரியாகப் பெயர் சொல்லி எழுதிய மாணவிக்கு நிலை 1 சொல்வதெல்லாம் நிலை 4-இல் உள்ளவை அவளிடம் இல்லை என்பதுதான். அவள் அடுத்துப் போக வேண்டியது நிலை 2. அங்கே போய்ப் பார்த்தாலும் "காரணம் இல்லை, வரிசை தெளிவாக இல்லை" என்றுதான் இருக்கிறது. அப்படி ஓர் இடத்துக்குப் போக யாராவது முயல்வார்களா?

இரண்டாம் வழி, "இல்லை" என்பதை எடுத்துவிட்டு அடைமொழிகளை வைத்து ஏணி கட்டுவது. செய்முறையை மிகச் சிறப்பாகப் பதிவு செய்கிறது, நன்றாகப் பதிவு செய்கிறது, ஓரளவு பதிவு செய்கிறது, சிறிதளவு பதிவு செய்கிறது. எதிர்மறை வாசகங்கள் கூடாது என்று எங்காவது பயிற்சியில் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். படிக்க மென்மையாக இருக்கிறது, ஆனால் திருத்துகிறவருக்கு முதல் வழியை விடவும் மோசம். முதல் வழியிலாவது வரிசை, காரணம் என்று தேடிப் பார்க்க இரண்டு பொருள்கள் இருந்தன. "ஓரளவு" என்பதைத் தாளில் எங்கே போய்த் தேடுவது? ஒரு டீச்சரின் "நன்றாக", பக்கத்து டீச்சரின் "ஓரளவு". "முயற்சி பாராட்டத்தக்கது" என்று கீழ் நிலையில் எழுதுவதும் இந்த வகைதான். அது ஆறுதல் சொல்வது. தாளில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளுக்கும் அதன் உள்ளர்த்தம் நன்றாகவே தெரியும்.

இது இங்கே மட்டும் உள்ள பழக்கமில்லை. மொழித் திறனுக்கு ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின் பின்னிணைப்பில், நிலை விளக்கங்களை எழுதுவதற்கு ஐந்து நெறிகள் தரப்பட்டுள்ளன. நேர்மறையாகச் சொல்வது முதலில் வருகிறது. திட்டவட்டமாகச் சொல்வது அடுத்து. "சில" என்பதை எடுத்துவிட்டு "பல" என்று போட்டு ஒரு நிலையை இன்னொன்றிலிருந்து பிரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. அதாவது இரண்டாம் வழி முதல் நெறியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கோட்டை விட்டுவிடுகிறது. கீழ் நிலைகளை நேர்மறையாக எழுதுவது கடினம் என்பதையும் அந்தப் பின்னிணைப்பு ஒளிக்காமல் சொல்கிறது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். நல்ல பெயர்கள். ஆனால் பத்தியின் தலைப்பில் மொட்டு என்று போட்டுவிட்டு உள்ளே "மலரில் உள்ளவை இல்லை" என்று எழுதினால் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும். மாற வேண்டியது கட்டத்துக்குள் இருக்கும் வாக்கியம்.

மூன்றாம் வழி, ஒவ்வொரு நிலையிலும் அறிக்கை உண்மையில் என்ன செய்கிறது என்பதை, தாளைப் பார்த்துக் கை வைத்துக் காட்டும்படி எழுதுவது. அதே கூறை இப்படி எழுதலாம்.

நிலை 1: பட்டறையில் பார்த்த பொருள்களையும் கருவிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.
நிலை 2: கல் செய்யும் படிகளை, நடந்த வரிசையில் சொல்கிறது.
நிலை 3: வரிசையோடு, ஒரு படியை ஏன் செய்கிறார்கள் என்பதைத் தான் பார்த்த ஒன்றைக் காட்டி விளக்குகிறது.
நிலை 4: ஒரு படியை விட்டாலோ மாற்றினாலோ கல் என்னவாகும் என்று மற்றப் படிகளோடு சேர்த்துச் சொல்கிறது.

இந்த ஏணியை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜான் பிக்ஸும் கெவின் காலிஸும் 1982-இல் வெளியிட்ட சோலோ வகைப்பாட்டின் நடை இது. ஒன்றைச் சொல்வது, பலவற்றைச் சொல்வது, அவற்றைத் தொடர்புபடுத்துவது, அந்தத் தொடர்பை வைத்துப் புதிய நிலைமைக்குப் போவது என்று அது ஏறும். நிலைகள் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடாமல் வகையிலும் வேறுபடுவதால் எழுத வசதியானது.

சரி, தாள்களுக்கு வருவோம். இந்த வகுப்பில் வரக்கூடிய மூன்று தாள்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் தாளில் "கண்ணாடி, இரும்பு அச்சு, வெள்ளை சிமெண்ட், கலர்ப் பொடி, மணல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தது. ஒரு அண்ணன் ரொம்ப வேகமாகச் செய்தார்" என்று இருக்கிறது. நிலை 1, தகராறே இல்லை. அந்தப் பிள்ளை நிலை 2-ஐப் படித்தால் தான் எழுதிய பெயர்களை நடந்த வரிசையில் கோக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டாவது தாளில் எல்லாப் படிகளும் வரிசையாக, படம் போட்டு, அடிக்கோடிட்டு, கண்ணைப் பறிக்கும் கையெழுத்தில் இருக்கின்றன. காரணம் ஒரு வரி கூட இல்லை. நிலை 2. முதல் வழி ரூப்ரிக்கில் இந்தத் தாள் எளிதாக 3-க்குப் போயிருக்கும், ஏனென்றால் அங்கே நேர்த்தியைப் பார்த்து மயங்க இடம் இருந்தது.

மூன்றாவது தாள்தான் சிக்கலைக் கிளப்புகிறது. தொட்டியில் ஊறுவதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் அச்சுக்கு வருகிறது. எது முன், எது பின் என்றே தெரியவில்லை. நடுவில் இப்படி ஒரு பகுதி: "ஈரக் கலர் மேல் காய்ந்த பொடியைத் தூவினார்கள். தூவியதும் பொடி கறுத்தது. கலரில் இருந்த தண்ணீரை அது குடித்துவிட்டது. அதனால்தான் உடனே மேலே காரை போட முடிந்தது." இவ்வளவு கூர்ந்து பார்த்த பிள்ளையை எங்கே வைப்பது? நிலை 3 "வரிசையோடு" என்கிறது. இங்கே வரிசை இல்லை. நிலை 2-ம் வரிசையைத்தான் கேட்கிறது. கறாராகப் போனால் நிலை 1. அது அநியாயம்.

ரூப்ரிக்கை எழுதும்போது இந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். தாளில் குறை இல்லை, கூறில்தான் குறை. "செய்முறையைப் பதிவு செய்தல்" என்ற ஒரே தலைப்புக்குள் வரிசை, காரணம் என்று இரண்டு திறன்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வளர்ந்து மற்றொன்று வளராமல் இருக்கலாம். முதல் வழியில் எழுதியபோதும் இதே சிக்கல் இருந்தது. "காரணம் இல்லை, வரிசை தெளிவாக இல்லை" என்ற கட்டத்தில் ஒன்று மட்டும் இல்லாத தாளை எங்கே போடுவது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இல்லாதவற்றை அடுக்கும்போது அவை ஒரே மூட்டையில் அடங்கிவிட்டது போலத் தோன்றும். இருப்பதை எழுத உட்கார்ந்தால்தான் இரண்டு வேறு பொருள்களை ஒரே வாக்கியத்தில் கட்டியிருக்கிறோம் என்பது தட்டுப்படும். மூன்றாம் வழியை நான் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் இதுதான். பிள்ளையின் மனம் நோகாது என்பதெல்லாம் எனக்கு அடுத்தபடிதான்.

தீர்வு எளிது. கூறை இரண்டாகப் பிரிக்க வேண்டும். "படிகளின் வரிசை" ஒன்று, "காரணம் காட்டுதல்" ஒன்று. காரணம் காட்டுதலுக்கான நிலைகள் இப்படி அமையும். நிலை 1: ஒரு படியில் தான் கண்ட மாற்றத்தைச் சொல்கிறது. நிலை 2: ஒரு படிக்குக் காரணம் சொல்கிறது. நிலை 3: சொன்ன காரணத்துக்குத் தான் பார்த்ததைச் சான்றாகக் காட்டுகிறது. நிலை 4: அந்தக் காரணத்தை வைத்து, படி மாறினால் கல் என்னவாகும் என்று சொல்கிறது. மூன்றாவது தாள் இங்கே நிலை 3. பொடி கறுத்தது என்பதுதான் அதன் சான்று. வரிசையில் அது நிலை 1. இரண்டும் உண்மை, இரண்டும் அந்தப் பிள்ளைக்குப் பயன்படும்.

இனி இந்த வழியில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை எழுதச் சொன்னவுடன் பலர் எண்ணிக்கைக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டு படிகள் எழுதினால் நிலை 1, நான்கு என்றால் நிலை 2, ஆறு என்றால் நிலை 3. தாளில் பார்த்து எண்ணலாம், சண்டையே வராது. ஆனால் பிள்ளைகள் விவரமானவர்கள். "கல்லைத் தண்ணீரில் போட்டார்கள். கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். கல்லைக் கீழே வைத்தார்கள்" என்று மூன்று படிகளைத் தேற்றிவிடுவார்கள். நிலைகளுக்கு நடுவே தர வேறுபாட்டை எழுத முடியாதபோதுதான் எண் உள்ளே வருகிறது. எண் வந்துவிட்டால் அந்தக் கூறை மறுபடி யோசிக்க வேண்டும்.

இன்னொரு சறுக்கல் வினைச்சொற்களில். "செய்முறையைப் புரிந்துகொண்டுள்ளது" என்பது நேர்மறைதான், ஆனால் புரிந்துகொண்டதை யார் பார்த்தார்? குறிப்பிடுகிறது, வரிசைப்படுத்துகிறது, ஒப்பிடுகிறது, சான்று காட்டுகிறது போன்ற வினைகளுக்குத் தாளில் விரல் வைத்துக் காட்ட இடம் உண்டு. அறிகிறது, உணர்கிறது, ஆர்வம் கொண்டுள்ளது போன்றவற்றுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது.

தவறான தகவலை என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. ஒரு பிள்ளை "கல்லைச் சூளையில் வைத்துச் சுட்டார்கள்" என்று எழுதுகிறது. செங்கல்லை நினைத்து எழுதியிருக்கும், அல்லது எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கும். நேர்மறையாக எழுதிய கட்டத்தில் இந்தத் தவறுக்கு இடமே இல்லையே என்று தோன்றலாம். இருக்கிறது. "பட்டறையில் பார்த்த", "நடந்த வரிசையில்" என்ற சொற்கள் அதற்காகத்தான் நிற்கின்றன. நடக்காத படியைச் சொல்லும் தாள் "நடந்த வரிசையில் சொல்கிறது" என்ற கட்டத்துக்குள் நுழைய முடியாது. சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாக்கியத்துக்குள்ளேயே கட்டிவிட வேண்டும், தனியாகப் "பிழைகள் உள்ளன" என்று ஒட்டக் கூடாது. அந்தச் சூளை வரியின் ஓரத்தில் "சுடவில்லை, தொட்டியில் ஊற வைத்தார்கள்" என்று சிவப்பு மையில் எழுதுவதற்கு எந்தத் தடையும் கிடையாது. அது ஒரு தாளுக்கான குறிப்பு. கட்டத்தில் இருக்கும் விளக்கமோ வகுப்பில் எல்லாத் தாள்களுக்கும் பொது.

எழுத்துப் பிழைக்கான வரிசை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ல, ள, ழ குழப்பம் அதிகம்" என்பதை நேர்மறையாக எப்படி எழுதுவது? படிப்பவருக்கு என்ன நேர்கிறது என்று எழுதலாம். ஒரு முறை படித்தாலே பொருள் பிடிபடுகிறது. சில வாக்கியங்களைத் திரும்பப் படித்ததும் பிடிபடுகிறது. தெரிந்த சொற்களைக் கொண்டு பொருளை ஊகிக்கலாம். வேலைக்கு ஆகிறது. ஆனாலும் பிள்ளைக்குத் தேவையான தகவல் அதில் முழுமையாக இல்லை. அதைத் தாளில் சொற்களுக்குக் கீழே போடும் கோடுதான் தருகிறது.

"இல்லை" என்பதே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. தேதி போட்டிருக்கிறதா, ஊர்ப் பெயர் இருக்கிறதா, பட்டறைக்காரரைப் படம் எடுக்க அவரிடம் அனுமதி கேட்டார்களா என்பவற்றுக்கு நான்கு நிலை எதற்கு? உண்டு, இல்லை என்று டிக் அடிக்கும் சரிபார்ப்புப் பட்டியல் போதும். அதைப் போலவே வெற்றுத் தாளோ, பஸ் பயணத்தை மட்டும் எழுதிய தாளோ வந்தால், அதற்காக நிலை 1-ஐக் கீழே இழுக்க வேண்டாம். அட்டவணைக்கு வெளியே "மதிப்பிடப் போதுமான எழுத்து இல்லை" என்று தனியாக ஒரு கட்டம் வைத்துவிடலாம். அப்படி வைத்தால்தான் நிலை 1 உண்மையில் எழுதிய பிள்ளைக்கான இடமாக நிற்கும்.

முதல் வரைவுக்கு மட்டும் வேண்டுமென்றால் இன்னும் சுருக்கமான வடிவம் ஒன்று இருக்கிறது. நிலை 3-இன் வாசகத்தை மட்டும் நடுவில் எழுதிவிட்டு இரண்டு பக்கமும் காலியாக விட்டுவிடுவது. எட்டியது ஒரு பக்கம், இன்னும் எட்ட வேண்டியது மறுபக்கம் என்று ஆசிரியர் தாளுக்குத் தாள் கையால் எழுதுவார். நாற்பது தாளுக்குக் கை வலிக்கும். இரண்டு பேர் திருத்தி ஒப்பிடவும் அது உதவாது. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் நன்றாக ஓடும்.

மூன்றாம் வழிக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்து எழுத முடியாது. போன வருடத் தாள்களையோ இதே மாதிரி வேறொரு வேலையில் வந்த தாள்களையோ ஒரு கட்டு எடுத்து, மதிப்பெண் பார்க்காமல் நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு குவியலையும் எடுத்து, இதில் உள்ள தாள்கள் எல்லாம் எதைச் செய்கின்றன என்று கேட்டு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கடைசிக் குவியலில்தான் பேனா நிற்கும். "ஒண்ணுமே இல்லையே" என்று தோன்றும். அதில் மேலாக இருக்கும் இரண்டு மூன்று தாள்களை எடுத்துப் படித்தால் ஏதாவது ஒன்று கிடைக்கும். பொருள்களின் பெயரைக் குறிப்பிடுவது என்ற நிலை 1 வாசகம் இப்படித்தான் கிடைக்கிறது.

எழுதியது தேறுமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. ஒரு கட்டத்தின் வாசகத்தை மட்டும் சீட்டில் எழுதி, நிலை எண்ணைச் சொல்லாமல், பக்கத்து ஆசிரியரிடம் கொடுத்து "இந்த மாதிரித் தாள் ஒன்றை இந்தக் கட்டிலிருந்து எடுங்கள் சார்" என்று கேளுங்கள். அதே சீட்டை இன்னொருவரிடமும் கொடுங்கள். இருவரும் எடுத்த தாள்கள் ஒரே வகையாக இருந்தால் வாசகம் நிற்கிறது. "விவரம் போதாது" என்ற சீட்டைக் கொடுத்தால் இருவர் கையிலும் எந்தத் தாள் வருமென்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் பத்துத் தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, எங்கே நிலை மாறுகிறதோ அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தி எழுதினால் போதும்.

கடைசியாக மதிப்பெண். நிலை 1 என்றால் 4-க்கு 1 என்று நேரடியாகப் போட்டால் அது நூற்றுக்கு 25, தேர்ச்சிக்கான 35-க்கும் கீழே. வாசகத்தில் "குறிப்பிடுகிறது" என்று நேர்மறையாக எழுதிவிட்டுப் பக்கத்தில் ஃபெயில் மதிப்பெண் போட்டால் பிள்ளை எண்ணைத்தான் படிக்கும். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாட்டில் ஒரு கூறுக்கு 5 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், நிலை 1-க்கு 2, நிலை 2-க்கு 3, நிலை 3-க்கு 4, நிலை 4-க்கு 5 என்று தரலாம். 0-வை அட்டவணைக்கு வெளியே இருக்கும் அந்தத் தனிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் மூன்றாவது தாளுக்கு வரிசையில் 2, காரணத்தில் 4, ஆக 10-க்கு 6. படிகளையெல்லாம் அழகாக வரிசைப்படுத்தி, காரணம் ஒன்றும் சொல்லாத இரண்டாவது தாள் வரிசையில் எவ்வளவு வாங்கினாலும் காரணத்தில் 2-ஐத் தாண்டாது. அதுவும் கண்ட மாற்றம் ஒன்றையாவது சொல்லியிருந்தால்தான்.